எங்கள் கதைப் பக்கத்தின் கடைசிப் பந்தி

எங்கள் பலகாரக் கடைக்கு ஓர் இணையத்தளம் செய்வதென்று மாமா முடிவெடுத்தபோது எனக்குப் பதினொரு வயது. பாடசாலைக் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த வயதில் ஒரு பிள்ளை தன்னை எழுத்தாளர் என்று நம்பிவிட்டால் அதனால் என்னென்ன தீங்கு விளையும் என்பதை எங்கள் வீட்டார் அப்போது அறிந்திருக்கவில்லை.

கடை யாழ்ப்பாணத்தில் உடுவிலுக்குக் கிட்ட ஒரு சந்தியில் இருக்கிறது. அதை ஒட்டிப் போகும் ஒழுங்கைக்குள், அந்தச் சிறு தெருவுக்குள், எங்கள் வீடு. கடையைத் தொடங்கியவர் அம்மம்மா. தளம் செய்த காலத்தில் அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. ஆனாலும் பயறு வறுக்கும் தாச்சியை வேறு யாரிடமும் விடமாட்டார். அம்மா பாகு காய்ச்சுவார். மாமா முன்னால் நின்று விற்பார். வேலைக்கு மூன்று பெண்கள் வருவார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது பயத்தம் உருண்டையும் அரியதரமும் முறுக்கும் கட்டிக்கொண்டு போவார்கள். அதைக் கண்டு கண்டுதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. வருகிறவர்களுக்கு விற்கலாமென்றால் வராதவர்களுக்கும் விற்கலாம்.

அம்மம்மா முதலில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாச்சியில் பயற்றைக் கிண்டியபடியே ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"உது எல்லா நாட்டிலையும் தெரியுமோ?"

"ஓம் அம்மா. போன் வைச்சிருக்கிற ஆர் எண்டாலும் பாக்கலாம்" என்றார் மாமா.

"எந்த நாட்டிலை இருந்தாலும்?"

"எந்த நாட்டிலை இருந்தாலும்."

"அப்ப செய்" என்றார் அம்மம்மா. இவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் சம்மதித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. மாமாவும் கண்டிருக்க மாட்டார். சம்மதம் மாறிவிடும் முன்பே எழுந்து போய்விட்டார்.

தளத்தைக் கட்டும் வேலையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். பலகாரங்களுக்கு ஒரு பக்கம், கொள்வனவுக்கு ஒரு பக்கம், தொடர்புக்கு ஒரு பக்கம். இவற்றோடு "எங்கள் கதை" என்றொரு பக்கமும் இருக்க வேண்டும் என்றார்கள். அதை எழுதுவதற்கென்றே யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் ஒரு கட்டு மட்டைத் துண்டுகளும் இருந்தன. பலகாரக் கடைக்கு எதற்குக் கதை என்று அம்மா கேட்டார்.

"கடைக்கு வாறவை மணந்து பாத்து வாங்குவினம் அக்கா. ருசி பாத்து வாங்குவினம். கனடாவிலை இருக்கிறவை மணந்து பாக்கேலாது. அவைக்கு மணத்துக்குப் பதிலா இந்தப் பக்கம்தான்" என்றார் அவர். அந்தக் கணமே நான் அவருடைய பக்தை ஆனேன்.

மாமா ஏற்கெனவே ஒரு கதை எழுதி வைத்திருந்தார். அதன் தலைப்பு "முகாமில் பிறந்த சுவை". போர்க்கால இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் எங்கள் குடும்பம் தங்கியிருந்தது, அங்கே அம்மம்மா நிவாரணப் பயற்றில் உருண்டை பிடித்து விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார், அந்தச் சிறு தொழில்தான் இன்று கடையாக வளர்ந்து நிற்கிறது என்று அது சொன்னது. "யாழ்ப்பாணத்தின் ஒரேயொரு", "சுத்தமான நெய்யில்", "பரம்பரை இரகசியம்" ஆகியவையும் அதில் இருந்தன. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "பரம்பரை இரகசியம்" என்ற சொல்லை மாமாவுக்கு எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

அக்கா அதை ஆறுதலாக வாசித்தார். பிறகு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. கை வேலை செய்யும்போதுதான் வாய் உண்மையைக் கதைக்கும் என்று பிறகு எனக்குச் சொன்னார். அவருடைய கேள்விகள் எல்லாம் மிகச் சின்னவை.

"முதல் நாள் கடையிலை என்னென்ன இருந்தது அம்மா?"

"கடை எங்கை இருந்தது? ஒரு மேசை. ஒரு சுளகு நிறையப் பயத்தம் உருண்டை. வேறை ஒண்டுமில்லை."

"கண்ணாடிப் பெட்டி?"

"அது பிறகு. இலையான் மொய்க்காமல் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தனான்."

"நெய்யிலை பொரிக்கிறனீங்களோ?"

"ஆர் சொன்னது? தேங்காயெண்ணெய்."

"செய்முறையிலை இரகசியம் ஏதும் இருக்கோ?"

அம்மம்மா அவரைப் பரிதாபத்தோடு பார்த்தார். "பயறு, தேங்காய்ப்பூ, சீனி, மிளகு, சீரகம், ஏலம். ஊரிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். பயறு கருகாமல் வறுபட வேணும். தேங்காய்ப்பூவிலை ஈரம் இருக்கக் கூடாது, இருந்தால் நாலு நாளிலை பூஞ்சணம். கை பொறுக்கிற சூட்டிலை பிடிக்க வேணும், ஆறினால் உதிரும். இதிலை என்ன பிள்ளை இரகசியம்?"

அக்கா ஒவ்வொரு விடையையும் ஒரு மட்டையில் எழுதித் தரையில் அடுக்கினார். பிறகு முகாமைப் பற்றிக் கேட்டார்.

அம்மம்மா அகப்பையைத் தாச்சியின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். "ஒரேயொருக்கா உருண்டை பிடிச்சனான். எங்கடை பிள்ளையளுக்கும் பக்கத்துப் பாயிலை படுத்த பிள்ளையளுக்கும். விக்கேல்லை. அது வியாபாரமில்லைப் பிள்ளை. அது பசி."

அக்கா மாமாவின் தாளை எடுத்துத் தலைப்பின் மேல் ஒரு கோடு போட்டார். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நல்ல தலைப்புத்தானே தங்கச்சி? சனத்தின்ரை மனசைத் தொடும்."

"தொடும் அண்ணை. ஆனால் அந்த மண்டபத்திலை உங்களோடை இருந்தவை இப்ப லண்டனிலும் பாரிசிலும் இருப்பினம். அவையும் இதை வாசிப்பினம். அங்கை ஆர் வித்தது, ஆர் சும்மா குடுத்தது எண்டு அவைக்குத் தெரியும். ஒரு பொய்யைக் கண்டால் பலகாரத்தையும் நம்ப மாட்டினம்."

பிறகு அவர் என்னைப் பார்த்து ஒரு வித்தையைச் சொல்லித் தந்தார். எழுதிய ஒவ்வொரு வசனத்திலும் எங்கள் கடையின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு கடையின் பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் அந்த வசனம் சரியாக நின்றால் அது எங்களுடையது அல்ல, வெட்ட வேண்டும். மாமாவின் கதைக்கு அதைச் செய்து பார்த்தோம். "தரமே எங்கள் தாரக மந்திரம்" போயிற்று. "பாரம்பரியச் சுவை" போயிற்று. "அன்போடு தயாரிக்கப்படும்" போயிற்று. கடைசியில் கடை இருக்கும் சந்தியின் பெயரும் மாமாவின் கைபேசி இலக்கமும்தான் மிஞ்சின.

அந்தச் சந்தியைப் பற்றியும் அக்கா கேட்டார். "சந்தையடியிலை போட்டிருந்தால் இன்னும் கூடச் சனம் வந்திருக்குமே அம்மா. ஏன் இந்தச் சந்தி?"

"பஸ் நிக்கிற இடம்" என்றார் அம்மம்மா.

"பஸ்ஸாலை இறங்கிற சனம் வாங்கும் எண்டோ?"

"பஸ் நிக்கிற இடம்" என்று அம்மம்மா திரும்பவும் சொன்னார். மாமா ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து வெளியே போனார். அக்கா அந்த விடையை ஒரு மட்டையில் எழுதி, மற்ற மட்டைகளோடு சேர்க்காமல் தனியே வைத்தார்.

படம் எடுக்கும் நாளிலும் ஒரு சிறு தகராறு வந்தது. உருண்டை பிடிக்கும் கைகளை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று படப்பிடிப்பாளர் சொன்னார். அம்மம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"கையைப் பாத்து என்னை ஆர் அடையாளம் பிடிப்பினம்? முகத்தை எடுங்கோ. வடிவாத் தெரிய எடுங்கோ."

படம் எடுப்பதென்றாலே சேலைத் தலைப்பால் முகத்தை மறைக்கிற அம்மம்மா அன்று தலைவாரி, திருநீறு பூசி, கடை வாசலில் நிமிர்ந்து நின்றார். கமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்குள் இருக்கும் யாரையோ தேடுவதுபோலப் பார்த்தார். வயது போன காலத்தில் ஆசை வந்துவிட்டது என்று நாங்கள் சிரித்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவரை நான் பெரிய மாமா என்று சொல்வேன். நான் பிறப்பதற்கு முந்திய ஆள். இடப்பெயர்வின்போது பத்தொன்பது வயது. தென்மராட்சியில் தங்கியிருந்த நாள்களில், வீடு எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் புறப்பட்டவர் திரும்பவில்லை. மாதங்கள் கழித்து ஊர் திரும்பியபோது வீடு இருந்தது, அவர் இல்லை. அதற்குப் பிறகுதான் அம்மம்மா சந்தியில் மேசையைப் போட்டார். எங்கள் விறாந்தையில் செத்துப்போன தாத்தாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பெரிய மாமாவின் படத்துக்கு மாலை இல்லை, பொட்டும் இல்லை. வீட்டில் யாரும் அவரைப் பற்றிக் கதைப்பதில்லை. கதைக்காத விசயங்கள் எல்லாம் முடிந்துபோன விசயங்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

இரண்டு வாரத்தில் அக்கா கதையைக் கொண்டுவந்தார். முந்நூறு சொற்கள்தான். கைபேசியில் வாசிக்கிறவர்கள் அதற்குமேல் நிற்க மாட்டார்கள் என்றார். "முதல் நாள் எங்கள் கடைக்குக் கூரை இருக்கவில்லை. ஒரு மேசையும் ஒரு சுளகும் அதை மூடிய வெள்ளைத் துணியும் இருந்தன" என்று அது தொடங்கியது. தேங்காய்ப்பூவின் ஈரம் இருந்தது, கை பொறுக்கும் சூடு இருந்தது, தேங்காயெண்ணெய் இருந்தது. முகாம் இருக்கவில்லை. கடைசியில் நாலைந்து வரிக்கு இடம் வெறுமையாக இருந்தது.

"இந்தக் கடைசிப் பந்தி அம்மாவின்ரை சொந்த வாயாலை வர வேணும்" என்றார். "வாசிக்கிற ஆக்களுக்கு என்ன சொல்ல விருப்பமோ அதைச் சொல்லட்டும்."

அம்மம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றார். பண்டிகைக் கொள்வனவு நெருங்கிக்கொண்டிருந்தது, யாருக்கும் நேரமில்லை. அக்கா அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார்.

"அவ சொல்லுறபடியே எழுது. ஒரு சொல்லும் மாத்தக் கூடாது. எழுதினதைப் படம் பிடிச்சு மாமாவின்ரை போனிலை அனுப்பு."

அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்ததும் அம்மம்மா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். எல்லாம் முன்பே யோசித்து அடுக்கி வைத்திருந்தது போலச் சொன்னார். நான் கொப்பியில் எழுதினேன்.

"கடை சந்தியிலைதான் இருக்கு. வீடும் பழைய இடத்திலைதான். நாங்கள் வேறை இடம் போகேல்லை. ஒழுங்கை முகப்பிலை நிண்ட புளியமரம் இப்ப இல்லை, அதாலை அடையாளம் பிடிபடாது. கடையைக் கண்டால் அதுக்குப் பக்கத்து ஒழுங்கை. பூவரச வேலி எடுத்து மதில் கட்டியாச்சு. தகரப் படலைக்குப் பதிலா பச்சை இரும்புக் கேற். நாய் புதிசு, கடிக்காது. மகள் கலியாணம் முடிச்சு என்னோடைதான் இருக்கிறாள். இளையவன் கடையைப் பாக்கிறான். முதல் பஸ் வர முன்னம் கடை திறந்திருக்கும். நான் அங்கை இருப்பன்."

"அவ்வளவுதானோ அம்மம்மா?"

"அவ்வளவுதான்."

எனக்குப் பெரிய ஏமாற்றம். உலகமெல்லாம் பார்க்கப்போகிற பக்கத்தில் நாய் கடிக்காது என்று எப்படிப் போடுவது? இதில் பலகாரத்தைப் பற்றி ஒரு சொல்லாவது உண்டா? தேவையில்லாததை வெட்ட வேண்டும் என்று அக்காவே சொல்லித் தந்திருக்கிறார். அம்மம்மா படிக்காதவர், பாவம், அவருடைய மானத்தைக் காப்பது என் கடமை. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, கொப்பியின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, என் மிக அழகான கையெழுத்தில் வேறொன்று எழுதினேன். "என் கைகள் பிடிக்கும் ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு தாயின் அன்பு கலந்திருக்கிறது. கடல் கடந்து வாழும் என் செல்வங்களே, எங்கள் பலகாரத்தைச் சுவைக்கும்போது தாய்மண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்." அந்தப் பக்கத்தைத்தான் படம் பிடித்து அனுப்பினேன்.

அக்கா மாமாவுக்கு அழைப்பெடுத்து, இதை அம்மம்மாதான் சொன்னாரா என்று கேட்டிருக்கிறார். மாமா முறுக்குக்கும் சீனிப் பாகுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஓம், பிள்ளை எழுதியெடுத்தது, போடுங்கோ என்று சொல்லியிருக்கிறார். பக்கம் வெளியாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கோயிலுக்குப் போய் வந்த கையோடு, எல்லோரும் விறாந்தையில் கூடினோம். மாமா புதிதாக வாங்கிய டப்லெட்டில் பக்கத்தைத் திறந்தார். அம்மம்மாவின் முகம் பெரிதாக, வடிவாகத் தெரிந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கியது. மாமா உரத்து வாசித்தார். சுளகும் வெள்ளைத் துணியும் வந்தபோது அம்மம்மா தலையை ஆட்டினார். அதுதான், அதுதான் என்றார். கடைசிப் பந்தி வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

மாமா வாசித்து முடித்தார். அம்மம்மா இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

"மிச்சத்தை வாசி" என்றார்.

"முடிஞ்சுது அம்மா."

"நான் சொன்னது எங்கை?"

"இதுதானே நீங்கள் சொன்னது? கடல் கடந்து வாழும் என் செல்வங்களே..."

"உது நான் சொல்லேல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதும் பயப்படவில்லை. நல்ல காரியம் செய்தவளின் துணிவு எனக்கு இருந்தது. "அம்மம்மா வழியும் கேற்றும் நாயும் எண்டு சொன்னவா. அது பலகாரத்தைப் பற்றினது இல்லை. அதாலை வெட்டிப்போட்டு நான் எழுதினனான்."

அம்மம்மா என்னை ஏசவில்லை. என்னையோ மாமாவையோ பார்க்காமல், டப்லெட்டில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"புளியமரம் இல்லையெண்டு அவனுக்குத் தெரியாதே. வந்தாலும் ஒழுங்கையைத் தாண்டியெல்லோ போயிடுவான்."

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். "அவன்" யார் என்று எனக்கும் அப்போது விளங்கியது. எந்த நாட்டிலும் தெரியுமா என்று அவர் கேட்டதும், கையைப் படமெடுக்க விடாததும், சந்தை இருக்கச் சந்தியில் கடை போட்டதும், முதல் பஸ்ஸுக்கு முன்பே கதவு திறப்பதும் எல்லாம் ஒரே ஆளுக்காக. உலகம் முழுவதும் வாசிக்கும் பக்கத்தில் அவர் ஒரே ஆளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். நான் அதை வெட்டிவிட்டு, கட்டுரைப் போட்டிக்கு எழுதுவது போல எழுதிவிட்டேன்.

"கொப்பி எங்கை?" என்றார் மாமா.

நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். நல்லவேளை, அம்மம்மா சொன்னதை எழுதிய பக்கத்தைக் கிழிக்கவில்லை. மாமா நின்றபடியே உரத்து வாசிக்கத் தொடங்கினார். கடை சந்தியிலைதான் இருக்கு. வீடும் பழைய இடத்திலைதான். புளியமரம், மதில், கேற், நாய் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். "இளையவன்" என்ற சொல்லோடு நிறுத்திவிட்டார். கொப்பியை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, செருப்பும் போடாமல் கடைப்பக்கம் போய்விட்டார். என்மேல் இருந்த கோபம் என்று நினைத்து நான் அழத் தொடங்கினேன்.

அம்மம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அது நானில்லை, மோனை. நான் கதைக்கிற விதம் அவனுக்குத் தெரியும். நான் உப்பிடிக் கதைக்க மாட்டன். அதை வாசிச்சால் வேறை ஆரோ மனிசி எண்டு நினைப்பான்."

அடுத்த நாள் காலை அக்கா வந்தார். ஸ்கூட்டரை விட்டு இறங்கியதும் நேரே அம்மம்மாவிடம் போனார். "பிள்ளையை ஏசாதேங்கோ அம்மா. பிழை என்னிலை. வெளியிட முன்னம் உங்களுக்கு நானே நேரிலை வாசிச்சுக் காட்டியிருக்க வேணும். உங்கடை வாய்ச்சொல்லுக்கு வேறை ஆரும் ஓம் சொல்லேலாது." பிறகு என் கொப்பியை வாங்கி வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

மாமா கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இதைப் போட வேண்டாம் தங்கச்சி. நாங்கள் பலகாரம் விக்கிறம். எங்கடை துக்கத்தை அதோடை சேர்த்து விக்கேலாது. சனம் பாவம் பாத்து வாங்க வேண்டாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அக்காவும் அதை மறுக்கவில்லை. கொப்பியை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"இதிலை துக்கம் எங்கை அண்ணை இருக்கு? வாசிச்சுப் பாருங்கோ. வழி இருக்கு, கேற் இருக்கு, நாய் இருக்கு. கடை தேடி வாறவை வழியெண்டு வாசிப்பினம். வேறை விதமா வாசிக்க வேண்டிய ஆள் வேறை விதமா வாசிப்பார்."

"அவன்ரை பேர் போட வேண்டாம்" என்றார் அம்மம்மா உள்ளேயிருந்து. "பேர் போட்டால் ஊரெல்லாம் விசாரிக்க வரும். எனக்கு வேலை கிடக்கு."

அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். "வேறை கடையின்ரை பேரைப் போட்டுப் பார், நிக்குதோ எண்டு." நான் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்த முழுப் பக்கத்திலும் வேறு எந்தக் கடையாலும் சொல்ல முடியாத பந்தி அது ஒன்றுதான். எழுத்து வேலையைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அது. வெட்கத்தோடு கற்றேன்.

மாமா கொப்பியை வாங்கி, வழி சொன்ன வரிகளைப் பார்த்தார். "புளியமரம் நிண்ட இடத்திலை இப்ப லைற் போஸ்ட் இருக்கு. அதையும் போடுங்கோ. அதைப் பாத்தால் சுலபமாப் பிடிபடும்" என்றார். அம்மம்மா சம்மதித்தார். அக்கா அந்த ஒரு வரியைச் சேர்த்து, அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். பேச்சுமொழியை எழுத்துமொழியாக மாற்றவில்லை. "நான் அங்கை இருப்பன்" என்பதை அப்படியே விட்டார். ஆங்கிலப் பக்கத்தில் அதை எப்படிப் போடுவது என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் அந்தப் பந்தியை மட்டும் அங்கேயும் தமிழிலேயே விட்டுவிட்டார். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் அது என்ன என்று தங்கள் பெற்றோரிடம் கேட்பார்கள் என்றார்.

பந்தி அன்றைக்கே ஏறிவிட்டது. மெல்ல மெல்லப் பலகாரம் கேட்டு ஓடர்கள் வரத் தொடங்கின. நாய் கடிக்காது என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்ததாகச் சிலர் செய்தி அனுப்பினார்கள். சிரித்துவிட்டு இரண்டு கிலோ கேட்டார்கள். வழி சரியாக இருந்தது, நேரே வந்து சேர்ந்தோம் என்று விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் சொன்னது. அம்மம்மா அவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய் உருண்டை எடுத்து வந்தார். பெரிய மாமா வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியோடு, அம்மம்மா இன்னும் ஆறு வருடம் பயறு வறுத்தார். இன்று அந்தப் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பந்தியில் ஒரு சொல்லையும் நான் தொட்டதில்லை.

தொடர்புப் பக்கத்தில் வருகிறவர்கள் செய்தி எழுதுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. பெயர், நாடு, செய்தி என்று மூன்று கட்டங்கள். அந்த நாள்களில் மாமா விடியவே எழும்பி, பல் தீட்டுவதற்கு முன்பே, கட்டிலில் இருந்தபடி அதைத் திறந்து பார்ப்பார். வியாபாரத்தில் அப்படியோர் ஆசை அவருக்கு வந்துவிட்டது என்று அம்மா கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் செய்திகளைத் திறப்பதில்லை. யார் எத்தனை கிலோ கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. முதல் கட்டத்தில் உள்ள பெயர்களை மட்டும் மேலிருந்து கீழே விரலால் தள்ளித் தள்ளி வாசிப்பார். வாசித்து முடித்ததும், ஓடர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கடை திறக்கப் போய்விடுவார். ஓடர்களை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறவர் எதற்காக அவ்வளவு அவசரமாக எழும்புகிறார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.